டவருக்கும் ரூட்டருக்கும் இடையே இரண்டு படிகள்

கேள்வி: நான் நான்கு ஆண்டுகளாக டவரில் ஏறி வேலை செய்கிறேன். ஆன்டெனா பொருத்துவேன், கேபிள் இழுப்பேன், மைக்ரோவேவ் டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துவேன். மின்னணுவியலில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். நெட்வொர்க் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது என் விருப்பம். ஆறு மாதம் படித்து சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றுத் தேர்வை எழுதினால் நேராக அந்த வேலைக்குப் போய்விடலாம் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். டவரில் கற்றது எதுவும் அங்கே பயன்படாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இது சரியா? எந்தக் கட்டத்தில் எதைப் படிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சிசிஎன்ஏ தேர்வை எழுதுங்கள். அது உங்களுக்குத் தேவை. ஆனால் டவரிலிருந்து இறங்கியதும் ரூட்டரின் முன் அமர்ந்துவிடலாம் என்று சொன்னவர்கள், இடையில் இருக்கும் இரண்டு வேலைகளைப் பற்றி உங்களிடம் பேசவில்லை. பொருத்தி முடித்த தளத்துக்கு மடிக்கணினியுடன் சென்று கருவிகளை இயக்கி, அளந்து, ஒப்படைக்கும் களப் பொறியாளரின் வேலை ஒன்று. நூற்றுக்கணக்கான தளங்களை இரவும் பகலும் திரையில் கவனித்து, எங்கே என்ன கெட்டது என்று கண்டுபிடிக்கும் கண்காணிப்பு மையப் பொறியாளரின் வேலை மற்றொன்று. நான் டவரில் தொடங்கி, இந்த இரண்டையும் கடந்து, இப்போது நெட்வொர்க் வடிவமைப்பில் இருக்கிறேன். டவரில் கற்றது பயன்படாது என்ற கூற்றை என்னால் ஏற்க முடியாது. அதற்கான காரணத்தையும் ஒவ்வொரு படியிலும் படிக்க வேண்டியதையும் ஒரே ஒரு பழுதை வைத்து விளக்குகிறேன். அந்தப் பழுதை உண்டாக்கியவன் நான்தான்.

டவர் வேலையில் எனக்கு அப்போது இரண்டாம் ஆண்டு. 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு டவர்களுக்கு நடுவே 18 கிகாஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோவேவ் இணைப்பை நிறுவினோம். இரு முனைகளிலும் 0.6 மீட்டர் விட்டமுள்ள டிஷ். ஒரு முனையில் நான் இருந்தேன். டிஷ்ஷை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தபோது மீட்டரில் ஓரிடத்தில் அளவு உயர்ந்தது. இன்னும் சற்றுத் திருப்பினால் குறைந்தது. உயர்ந்த இடத்துக்கே திரும்பி வந்து போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். இணைப்பு கிடைத்தது, ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது, கீழே இருந்தவர்கள் அழைப்பு போகிறது என்றார்கள், இறங்கிவிட்டேன். சில வாரங்களுக்குப் பிறகு, அந்த இணைப்பைச் சார்ந்திருந்த நான்கு தளங்களிலும் மழை பெய்யும் மாலைகளில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்பதாகப் புகார்கள் வரத் தொடங்கின. மழை நின்றதும் எல்லாம் சரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் டிக்கெட்டைத் திறப்பார். மறுநாள் காலையில் "தானாகச் சரியானது" என்று எழுதி இன்னொருவர் அதை மூடிவிடுவார்.

டவரின் உச்சியில் நடந்த தவறு இதுதான். டிஷ் தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஒரு குறுகிய முதன்மைக் கதிராக அனுப்புகிறது. அந்த அளவு டிஷ்ஷுக்கு 18 கிகாஹெர்ட்ஸில் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. ஆனால் அதன் இருபுறமும் ஏறத்தாழ 3 டிகிரி தள்ளி, சைட் லோப் என்று நாம் சொல்லும் வலுவற்ற பக்கக் கதிர்கள் உண்டு. பக்கக் கதிரைத் தாண்டும்போதும் மீட்டர் ஏறி இறங்கும். அதையே உச்சம் என்று நினைத்து நிறுத்தியவனுக்குக் கிடைப்பது முதன்மைக் கதிரைவிட 20 டெசிபெல் அளவுக்குக் குறைந்த சமிக்ஞை. 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு. நான் செய்திருக்க வேண்டியது, முதல் உச்சத்தில் நிற்காமல் இரு பக்கமும் தாராளமாகத் திருப்பி, சிறிய உச்சம், பெரிய உச்சம், மறுபடி சிறிய உச்சம் என்று மூன்றையும் கண்ணால் பார்த்து, நடுவில் இருப்பதில் நிறுத்துவது. அதேபோல மேல் கீழாகவும் ஒருமுறை தேடுவது. பிறகு மறுமுனையில் உள்ளவர் அதையே செய்யும்போது என் டிஷ்ஷை அசைக்காமல் இருப்பது. நீங்கள் இதை ஏற்கெனவே முறையாகச் செய்பவராக இருந்தால், இந்தப் படியில் உங்களுக்குப் பெரிதாகக் கற்க எதுவும் மிச்சமில்லை. உயரத்தில் வேலை செய்வதற்கும் உயரத்திலிருந்து ஒருவரை மீட்பதற்குமான சான்று காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களப் பொறியாளர் ஆன பிறகும் டவரில் ஏறத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். ஒரு டிஷ்ஷைத் தொட்டுப் பார்க்க வேறொரு குழு வரும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆன்டெனா கேபிளின் எதிரொலிப்பை அளக்கும் ஸ்வீப் சோதனையையும், அலைவெண்கள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கும் குறுக்கீட்டை அளக்கும் பிஐஎம் சோதனையையும் பிறர் செய்ய நீங்கள் கருவியைப் பிடித்து மட்டும் இருந்திருந்தால், இந்த ஆண்டுக்குள் அவற்றை நீங்களே செய்து, வரைபடத்தைப் படிக்கவும் கற்றுவிடுங்கள். கருவித் தயாரிப்பாளர்களே ஓரிரு நாள் பயிற்சி நடத்திச் சான்று தருகிறார்கள். அளந்ததைப் படிக்கத் தெரிந்த டவர் தொழில்நுட்பரைத்தான் அடுத்த வேலைக்கு அழைப்பார்கள்.

இனி களப் பொறியாளரின் இருக்கைக்கு வருவோம். என் தவறை அன்றே பிடித்திருக்கக்கூடிய இடம் அதுதான். பச்சை விளக்கை நம்பாமல், "இந்த இணைப்பில் எவ்வளவு வர வேண்டும்?" என்று தாளில் கணக்கிட்டு, "எவ்வளவு வருகிறது?" என்பதோடு ஒப்பிடுவதே அவருடைய முதல் கடமை. கணக்கு கடினமானதல்ல. வெற்றுவெளியில் ஏற்படும் இழப்பை அலைவெண்ணிலிருந்தும் தூரத்திலிருந்தும் பெறலாம். பிறகு அனுப்பும் திறனையும் இரு டிஷ்களின் ஆதாயத்தையும் கூட்டி, அந்த இழப்பைக் கழிக்க வேண்டும். எங்கள் ரேடியோவின் திறன் 18 டெசிபெல் மில்லிவாட். ஒவ்வொரு டிஷ்ஷின் ஆதாயமும் 38.5 டெசிபெல். கீழே L என்பது இழப்பு, RSL என்பது வந்துசேரும் சமிக்ஞையின் அளவு.

```
L   = 92.45 + 20*log10(18) + 20*log10(12) = 139.1 dB
RSL = 18 + 38.5 + 38.5 - 139.1 = -44.1 dBm
```

காற்றில் உறிஞ்சப்படும் சிறு பகுதியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட −45 வந்திருக்க வேண்டும். கணக்குக்கும் அளவீட்டுக்கும் இரண்டு, மூன்று டெசிபெல் வேறுபாடு இருக்கலாம். எங்கள் ரேடியோ காட்டியது −64. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதியிருந்தால், ஒரு முனை பக்கக் கதிரில் நிற்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்திருக்கும். பழகிய களப் பொறியாளர் பற்றாக்குறையின் அளவை வைத்தே காரணத்தை ஊகிப்பார். 20 டெசிபெல் குறைந்தால் ஒரு முனையில் பக்கக் கதிர்; 40 குறைந்தால் இரு முனையிலும்; 30 அளவில் குறைந்து, எவ்வளவு திருப்பினாலும் ஏறவில்லை என்றால் ஒரு முனை கிடைமட்ட முனைவாக்கத்திலும் மற்றது செங்குத்திலும் பொருத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டவரில் கைப்பட டிஷ்ஷைத் திருப்பாத ஒருவருக்கு இந்த ஊகம் அவ்வளவு எளிதில் வராது. நீங்கள் கற்றது இங்கேதான் பயனுக்கு வருகிறது.

பச்சை விளக்கு ஏன் எங்களை ஏமாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய ரேடியோக்கள் சமிக்ஞை நன்றாக இருக்கும்போது ஒரு குறியீட்டில் நிறைய பிட்டுகளை ஏற்றி அனுப்புகின்றன. குறையும்போது தாமாகவே குறைவான பிட்டுகளுக்கு இறங்கி இணைப்பைக் காப்பாற்றிக்கொள்கின்றன. எங்கள் 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், −66 அல்லது −67 வரை சமிக்ஞை இருந்தால் 256-குவாம் என்ற உயர்ந்த நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 180 மெகாபிட் கடக்கும். −79 அளவுக்கு விழுந்தால் 16-குவாமில் அதில் பாதிதான், அதாவது 90. வானம் தெளிவாக இருந்தபோது எங்கள் −64, மேல் நிலையின் விளிம்பில் தப்பித்துக்கொண்டிருந்தது. மணிக்கு 30 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, 18 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல்லைக் குடித்துவிடும். பாதையில் 5 கிலோமீட்டருக்கு அத்தகைய மழை பெய்தால் 15 டெசிபெல் போய்விடும். −64 என்பது −79 ஆகிவிடும். சரியாகத் திருப்பியிருந்தால் அதே மழையில் −45 என்பது −60 ஆகியிருக்கும். 180 மெகாபிட்டும் குறையாமல் ஓடியிருக்கும். பழைய ரேடியோவாக இருந்தால் முதல் மழையிலேயே இணைப்பு அறுந்து என் தவறு வெளிப்பட்டிருக்கும். புதிய ரேடியோ அதை மறைத்து வைத்தது.

அதே நாளில் கீழே மடிக்கணினியுடன் இருந்தவரும் ஒரு சிறு தவறு செய்திருந்தார். மேலாண்மைக்காக அந்தத் தளத்துக்கு 10.20.30.0/29 என்ற முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் கருவிகளுக்குப் பயன்படும் முகவரிகள் .1 முதல் .6 வரை ஆறு. ரூட்டருக்கு .1, ரேடியோக்களுக்கு .2, .3. ரேடியோக்களில் முகவரியைச் சரியாகக் கொடுத்தவர், கேட்வே என்ற இடத்தில் 10.20.30.1 என்று நிரப்ப மறந்துவிட்டார். அவருடைய மடிக்கணினி அதே தொகுதிக்குள் இருந்ததால் ரேடியோவின் பக்கம் அவருக்கு உடனே திறந்தது. எனவே எல்லாம் சரி என்று நினைத்தார். தொலைவில் இருந்த கண்காணிப்பு மையத்திலிருந்து கேட்டபோது கேள்வி ரேடியோவை அடைந்தது. ஆனால் வெளியே போகும் வழி தெரியாததால் ரேடியோவால் பதிலைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. வாடிக்கையாளர்களின் போக்குவரத்து, அதே கேபிளில் தனியாகப் பிரித்து ஓடும் வலையமைப்பான வேறொரு விலானில் தடையின்றிச் சென்றதால், இந்தக் குறை யாருடைய அழைப்பையும் பாதிக்கவில்லை. ஆனால் அந்த இணைப்பின் சமிக்ஞை அளவு மையத்தின் வரைபடத்தில் ஒருநாளும் பதிவாகவில்லை.

ஆகவே களப் பொறியாளர் ஆக நீங்கள் படிக்க வேண்டியவை இந்த இரண்டு தவறுகளிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. முதலாவது டெசிபெல் கணக்கு. 3 கூடினால் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு என்பதில் தொடங்கி, மேலே உள்ள கணக்கை எந்தத் தூரத்துக்கும் நீங்களே போடும் வரை பழகுங்கள். டிப்ளமோ படித்தவருக்கு அது இரண்டு வார வேலை. இரண்டாவது முகவரி, மாஸ்க், கேட்வே, விலான் ஆகியவை. இது சிசிஎன்ஏ பாடத்தின் முதல் பகுதிதான், எனவே இங்கேயே படிப்பைத் தொடங்கிவிடுவீர்கள். மூன்றாவது, உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் ரேடியோவை இயக்கி வைக்கும் பயிற்சி. பெரும்பாலும் சில நாட்களில் முடியும் இந்தப் பயிற்சியைத் தயாரிப்பாளர்கள் நடத்துகிறார்கள். அதைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்வதைவிட நிறுவனத்தின் வழியாகக் கேட்டுப் பெறுவதே நடைமுறை. ஃபைபரையும் விட்டுவிட வேண்டாம்: கண்ணாடி இழையின் முனையைத் துடைப்பது, இணைப்பது, இழையில் எங்கே இழப்பு, எங்கே முறிவு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியின் கோட்டைப் படிப்பது ஆகியவற்றுக்கு ஃபைபர் ஆப்டிக் அசோசியேஷனின் சிஎஃப்ஓடி போன்ற சான்றுகள் உள்ளன. உங்கள் பகுதியில் மைக்ரோவேவ் இணைப்புகள் குறைந்து ஃபைபர் பெருகிக்கொண்டிருந்தால் இதை முதலில் படியுங்கள்.

மேலே செல்லும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். டெசிபெல்லும் ஆன்டெனாவும் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போய், முகவரிக் கணக்கு சலிப்பைத் தந்தால், இங்கிருந்து வேறொரு பாதையும் பிரிகிறது. செல் அலைபரப்பின் தரத்தை அளந்து திருத்தும் ஆர்எஃப் பொறியாளரின் பாதை அது. அதுவும் நல்ல தொழிலே. நீங்கள் கேட்டது மற்றதைப் பற்றி என்பதால் அதை விரிக்கவில்லை.

மூன்றாவது இருக்கை கண்காணிப்பு மையம். அங்கே பணிமுறையில் இருந்தவர்களுக்கு முன்னால் இருந்த தடயங்களைப் பாருங்கள். ரூட்டரின் போர்ட் இயங்குகிறது. பிழை எண்ணிக்கை பூஜ்யம். ரேடியோவோ கண்ணுக்கே தெரியவில்லை. நான்கு தளங்களிலும் குரல் உடைகிறது, ஆனால் எந்தத் தளமும் விழவில்லை. புகார்களைத் தனித்தனி டிக்கெட்டாக வைத்துப் பார்த்த வரை யாருக்கும் எதுவும் புலப்படவில்லை. கடைசியில் இரவுப் பணியில் இருந்த ஒருவர், நான்கு தளங்களின் புகார் நேரங்களையும் ஒரே தாளில் எழுதினார். நான்கும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்திருந்தன. நான்குக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு மைக்ரோவேவ் இணைப்பு. அடுத்த மழைக்காகக் காத்திருந்து, இணைப்பின் இரு பக்க ரூட்டர்களுக்கும் இடையே `ping` ஓடவிட்டார். சாதாரணமாக 2 மில்லிவிநாடியில் திரும்பும் பதில், மழை வலுத்தபோது 90 மில்லிவிநாடிக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் பதில்கள் தொலையத் தொடங்கின.

தாமதம் முதலில் ஏறி, இழப்பு பின்னால் வந்தது என்ற இந்த வரிசையில்தான் விடை இருந்தது. கேபிளோ இணைப்பியோ கெட்டிருந்தால் பாக்கெட்டுகள் தொலையும். தாமதம் இப்படிச் சீராக ஏறாது. தாமதம் ஏறுகிறது என்றால், எங்கோ ஒரு வரிசை நிரம்பிக்கொண்டிருக்கிறது. வரிசை நிரம்புகிறது என்றால், உள்ளே வருவதைவிட வெளியே போகும் வழி குறுகிவிட்டது. அந்த மாலைகளில் நான்கு தளங்களும் சேர்ந்து 120 மெகாபிட் கேட்டன. ரேடியோவால் 90 மட்டுமே கடத்த முடிந்தது. தரவிறக்கங்கள் நெரிசலை உணர்ந்து தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பயனாளருக்கு அது சற்று மந்தமாகத் தோன்றும், அவ்வளவுதான். குரல் அப்படிக் குறைந்துகொள்ளாது. தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான். புகார்கள் பேச்சைப் பற்றி மட்டுமே வந்ததற்குக் காரணம் இதுவே. இதை அவர் டிக்கெட்டில் நேரங்களுடனும் எண்களுடனும் எழுதி, "மழையில் இணைப்பின் கொள்ளளவு குறைகிறது; ரேடியோவை நேரில் பார்க்கவும்" என்று முடித்தார். மறுநாள் அங்கே சென்ற குழு முதலில் கேட்வேயைக் கண்டது, பிறகு −64 என்ற எண்ணைக் கண்டது. நான் மீண்டும் ஏறி டிஷ்ஷை 3 டிகிரி அளவுக்குத் திருப்பினேன். மீட்டர் −45 காட்டியது.

நீங்கள் கேட்ட சிசிஎன்ஏ, இந்த மூன்றாவது இருக்கைக்கான சான்று. அதற்கு முன்தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை. 120 நிமிடத்தில் எழுதும் ஒரே தேர்வு. சான்று மூன்று ஆண்டுகள் செல்லும். வேலை செய்துகொண்டே நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பவருக்கு எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும் என்பது என் அனுபவம். ஜூனிப்பர் கருவிகள் மிகுந்த நிறுவனமாக இருந்தால் ஜேஎன்சிஐஏ அதே இடத்தை நிரப்பும். ஆனால் மையத்தின் நேர்முகத்தில் நான் கேட்கும் கேள்வி எப்போதும் இப்படித்தான் இருக்கும்: "போர்ட் இயங்குகிறது, பிழை இல்லை, பேச்சு உடைகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" தேர்வில் தேறியும் இதற்கு ஒரு வரிசையில் பதில் சொல்ல முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம் பாடத்தைப் படிப்பதால் வராது. கெடுத்துப் பார்த்துத் திருத்துவதால் வரும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு ரூட்டர், இரண்டு கணினி கொண்ட ஒரு சிறு வலையமைப்பைக் கட்டி, எல்லாம் பேசிக்கொள்கின்றன என்று உறுதிசெய்த பிறகு, ஒரு கணினியின் கேட்வேயை அழித்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பதோடு பேசும், தொலைவில் இருப்பதோடு பேசாது. எங்கள் ரேடியோவுக்கு நேர்ந்தது என்ன என்பதை அப்போது கண்ணால் காண்பீர்கள். அடுத்து ஒரு மாஸ்க்கை மாற்றுங்கள், ஒரு விலானைத் தவறாகக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி வையுங்கள்.

லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளும் இந்தப் படியில் வேண்டும், ஏனென்றால் மையத்தின் கருவிகளில் பல அதன்மேல்தான் ஓடுகின்றன. அதைவிட முக்கியமாக, டிக்கெட்டைத் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எங்கெல்லாம், எது பாதிக்கப்படவில்லை, நான் எதைச் சோதித்தேன், என்ன வந்தது என்று ஐந்து வரியில் எழுதுபவரைத்தான் இரண்டாம் ஆண்டில் மூத்த பணிக்கு உயர்த்துகிறார்கள்.

அந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்வதா என்று முடிவுசெய்யும் முன் அங்கே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாணவர் தனியாகக் கருவியிலோ ஆய்வக மென்பொருளிலோ செலவிடும் மணிநேரம் எத்தனை என்பது ஒன்று. கெட்டுப்போன வலையமைப்பைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்வீர்களா என்பது மற்றொன்று. இவற்றுக்குப் பதில் சொல்லாமல், தேர்வில் வரும் கேள்விகளின் தொகுப்பைத் தருவோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அத்தகைய தொகுப்பைப் பயன்படுத்தியது தெரியவந்தால் சான்றே ரத்தாகலாம். ரத்தாகாவிட்டாலும் நான் சொன்ன நேர்முகக் கேள்வியில் அது உங்களைக் கைவிட்டுவிடும்.

நான்காவது இருக்கை நெட்வொர்க் இன்ஜினியருடையது. டிஷ்ஷைத் திருப்பியதும் புகார்கள் நின்றுவிட்டன. அப்படியானால் அவருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். மழை இன்னும் வலுத்தால் −45 இருந்தும் கொள்ளளவு குறையும், போக்குவரத்தும் ஆண்டுக்கு ஆண்டு வளரும், அப்போதும் குரல் உடையக் கூடாது என்பது அவருடைய கவலை. ரூட்டருக்கும் ரேடியோவுக்கும் இடையே இருப்பது விநாடிக்கு 1 கிகாபிட் போர்ட். ரூட்டரின் பார்வையில் வழி அகலமாக இருக்கிறது. அது எல்லாப் பாக்கெட்டுகளையும் உடனே தள்ளிவிடும். நெரிசல் ஏற்படுவது ரேடியோவின் உள்ளே. எந்தப் பாக்கெட் குரல், எது தரவிறக்கம் என்று அங்கே பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கவில்லை. ரூட்டரில் பிழையோ இழப்போ பதிவாகாததற்குக் காரணம் இதுதான். மாற்றுப் பாதை இருந்தாலும், ரூட்டர்கள் பாதையைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை அதைத் தேடியிருக்காது. அண்டை ரூட்டரின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அதன் கணக்கில் இணைப்பு நலமாகவே இருக்கிறது.

அவர் செய்தது, வெளியேறும் வேகத்தை ரூட்டரிலேயே ரேடியோவின் கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தி, அந்தக் கட்டுக்குள் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தது. சிஸ்கோ ரூட்டரில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
class-map match-all VOICE
 match dscp ef
policy-map CHILD
 class VOICE
  priority percent 20
policy-map TO-RADIO
 class class-default
  shape average 170000000
  service-policy CHILD
interface GigabitEthernet0/0/1
 service-policy output TO-RADIO
```

இப்போது நெரிசல் ரேடியோவுக்குள் நிகழாமல் ரூட்டருக்குள் நிகழ்கிறது. எதை முதலில் அனுப்ப வேண்டும் என்பது ரூட்டருக்குத் தெரியும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 170 என்பது நிலையான எண். கடும் மழையில் ரேடியோ 90க்கு இறங்கினால் நெரிசல் மறுபடி ரேடியோவுக்கே போய்விடும். ஆகவே பாக்கெட்டில் இடப்பட்ட முன்னுரிமைக் குறியை ரேடியோவும் மதித்து, தன் வரிசைகளில் குரலை முன்னே விடுமாறு அமைக்க வேண்டும். இதற்கு ரூட்டரும் தெரிய வேண்டும், ரேடியோவும் தெரிய வேண்டும். ரூட்டரை மட்டும் படித்து வந்த பலர், ரேடியோவை உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தேவையில்லாத ஒரு கேபிளாகவே நினைத்துவிடுகிறார்கள். அங்கே உங்கள் நான்கு ஆண்டுகள் உங்களை அவர்களைவிட முன்னே நிறுத்தும்.

இந்த இருக்கைக்கான படிப்பு நீளமானது. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, எம்பிஎல்எஸ், முன்னுரிமை அமைப்பு ஆகியவற்றை ஆழமாகக் கற்க வேண்டும். சிசிஎன்ஏவுக்கு அடுத்த நிலையான சிசிஎன்பி சான்றுக்கு மையப் பாடத்தில் ஒன்றும் சிறப்புப் பாடத்தில் ஒன்றுமாக இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். அதில் பல பிரிவுகள் உண்டு. தொலைத்தொடர்பில் தொடர எண்ணுபவர் அலுவலக வலையமைப்புக்கான பிரிவைவிடச் சேவை வழங்குநருக்கான பிரிவை எடுப்பது நல்லது. நூறு ரூட்டர்களில் ஒரே மாற்றத்தைக் கையால் செய்ய முடியாது என்பதால் பைத்தானில் சிறு நிரல்கள் எழுதவும் பழக வேண்டியிருக்கும். ஆனால் மையத்தில் ஓராண்டாவது பழுதுகளைத் துரத்திய பிறகு இவற்றைப் படித்தால், ஒவ்வொரு பாடமும் நீங்கள் பார்த்த ஏதோ ஒரு பழுதோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்பே மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, களத்தில் ஒன்றரை ஆண்டு, மையத்தில் இரண்டு ஆண்டு, அதன்பின் நெட்வொர்க் இன்ஜினியரின் உதவியாளராக ஓராண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தை எதிர்பார்த்திருந்த உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதில் எந்த ஆண்டும் வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் ஆண்டல்ல. ஒவ்வொரு படியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே அடுத்த படிக்குப் படிக்கிறீர்கள்.

தொடக்கத்தை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த இணைப்பில் டிஷ்ஷைத் திருப்பச் சென்றாலும், ஏறும் முன் தூரம், அலைவெண், திறன், டிஷ் ஆதாயம் நான்கையும் கேட்டு வாங்கி, வர வேண்டிய அளவைக் கணக்கிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இறங்கிய பிறகு வந்த அளவை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாடு மூன்று டெசிபெல்லைத் தாண்டினால், காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள், கண்டுபிடித்ததையும் எழுதுங்கள். இருபது, முப்பது இணைப்புகள் சேர்ந்ததும் அந்த நோட்டை உங்கள் களப் பொறியாளரிடம் காட்டி, அடுத்த தளத்தில் மடிக்கணினியை உங்களிடம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.